கரண்டு பில்லை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் பஞ்சாயத்து கூட்ட விரும்பும் குடும்பத் தலைவர்களுக்கு இந்த வழிகாட்டி. தேவையான பொருட்கள்: ஒரு கரண்டு பில், ஒரு மருமகள், ஒரு அப்பத்தா, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஏ.சி. அறையில் படுத்திருக்கும் ஒரு மகன். கணக்குப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பஞ்சாயத்து சீக்கிரம் முடிந்துவிடும், ஆகவே அதைக் கடைசிவரை வெளியே எடுக்க வேண்டாம்.

எழுமலையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மலையடிவாரத்துக் காற்றெல்லாம் சித்திரையில் வேலைக்கு ஆகாது என்று போன கோடையில்தான் ஏ.சி. வாங்கியவர்கள். 2025 ஜூன் முதல் வாரத்தில் குடும்பத் தலைவரின் செல்போனுக்குச் செய்தி வருகிறது: கட்ட வேண்டியது 2,141 ரூபாய். போன தடவை 1,043.

முறைப்படி செய்ய வேண்டியது, தொகையை மட்டும் உரக்கப் படிப்பது. ரீடிங், யூனிட், தேதி என்று அதே செய்தியிலும் அட்டையிலும் இருக்கும் மற்ற எண்களைக் கண்டுகொள்ளவே கூடாது. “ரெண்டு மடங்கு கரண்டு எரிச்சிருக்கீங்க” என்று ஆரம்பிக்கலாம். “நான் அன்னைக்கே சொன்னேன், அந்த மிக்ஸிதாண்டா கரண்டக் குடிக்குது” என்று அப்பத்தா எடுத்துக் கொடுப்பார். “அத்த, நீங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் சீரியல் பாக்குறதுக்கு யாரு கணக்குப் போடுறது?” என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். மகன் கதவைச் சாத்திக்கொள்வான், குளிர் வெளியே போய்விடும் என்று.

பஞ்சாயத்து நன்றாகச் சூடேறிய பிறகு, வேறு வழியே இல்லை என்றால், அலமாரிக்குள் துணிக்கடியில் இருக்கும் வெள்ளை அட்டையை எடுக்கலாம். இப்போது ரீடிங் செல்போனிலேயே ஏறிவிடுகிறது, அட்டையில் எழுதுவது ரீடிங் எடுப்பவரின் மனசைப் பொறுத்தது. எழுதாமல் போனால் மின்வாரியத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்குகளை எடுத்துக்கொள்ளலாம். மதுரை மண்டலத்து எண் 05 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் பிரிவு அலுவலகத்தைக் குறிக்கும். கடைசியில் வருவதுதான் உங்கள் வீடு. பணம் கட்டும் அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் பக்கத்துத் தெருக்காரர் பில் அடையும், அவர் நன்றி சொல்லவும் மாட்டார்.

நோட்டில் குறிக்க வேண்டியவை மூன்றுதான்: ரீடிங் எடுத்த தேதி, ரீடிங், தொகை. மற்றதெல்லாம் இவற்றிலிருந்து வரும். நம் குடும்பத்தின் கணக்கு இது: பிப்ரவரி 5-ல் 13864, ஏப்ரல் 4-ல் 14236, ஜூன் 7-ல் 14748. கழித்தால் முதல் தடவை 372 யூனிட், இரண்டாவது தடவை 512 யூனிட். தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது, யூனிட் அப்படி ஏறவில்லை. இங்கேயே பஞ்சாயத்தின் பாதிக் காற்று இறங்கிவிடும். மீதியும் இறங்க வேண்டுமானால் தேதிகளைக் கழிக்கவும். முதல் கணக்கு 58 நாள், இரண்டாவது 64 நாள். ஒரு நாளைக்கு என்று வகுத்தால் 6.4 யூனிட் 8 யூனிட்டாகியிருக்கிறது, அதாவது கால்பங்கு கூடுதல். கோடையில் ஏ.சி. வாங்கிய வீட்டுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை.

அப்படியானால் அந்த 1,098 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? இதைச் சொன்னால் வீட்டில் யாரையும் திட்ட முடியாமல் போகும். 2024 ஜூலை 1 முதல் வந்த விகிதத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த இலவசம் 2016 மே மாதத்திலிருந்து இருந்து வருகிறது. 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மிகச் சரியாக 500 யூனிட் எரித்தவருக்கு 1,805 ரூபாய். 501 எரித்தவருக்கு 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 501-ஆவது யூனிட்டின் விலை 8.40தான். ஆனால் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த அரைவிலைச் சலுகை போய், அதற்கும் 4.70 என்று ஆகிவிடுகிறது. அந்த 235 ரூபாய் பழைய யூனிட்டுகளின் தலையில் ஏறுகிறது. மின்சாரத்தில் ஷாக் அடிக்கும் இடம் இதுதான், கம்பியில் அல்ல.

நம் குடும்பம் தாண்டியது 12 யூனிட். நாளுக்கு 8 யூனிட் என்றால் ஒன்றரை நாள். ரீடிங் எடுப்பவர் அறுபதாவது நாளே வந்திருந்தால் 480 யூனிட், 1,679 ரூபாய்தான் ஆகியிருக்கும். வந்ததோ 64-ஆவது நாள். உச்சவரம்பு ஒரு பில்லுக்கு இவ்வளவு என்றிருக்கிறதே தவிர, நாள் கணக்கில் கூட்டிக் குறைப்பதில்லை. உடனே “நாலு நாள் தாமதத்தால் 462 ரூபாய் போச்சு” என்று பிரிவு அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டாம். அந்த நாலு நாளின் 32 யூனிட் எப்படியும் அடுத்த பில்லில் ஏறியிருக்கும். அந்த பில் 200-க்கும் 400-க்கும் இடையில் நின்றால் அதற்கு 150 ரூபாய் கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே உண்மையான நஷ்டம் 311 ரூபாய். சண்டைக்கு 462, கணக்குக்கு 311 என்று இரண்டையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் வைக்க விரும்பும் பேரப்பிள்ளைகள் A நிரலில் தேதி, B-யில் ரீடிங் போட்டுக்கொள்ளவும். மூன்றாவது வரியில் C, D, E, F கட்டங்களுக்கு வரிசையாக இவை:

```
=B3-B2
=A3-A2
=C3/D3
=IF(C3<=500, MAX(0,MIN(C3,200)-100)*2.35
 + MAX(0,MIN(C3,400)-200)*4.7
 + MAX(0,C3-400)*6.3, 2040+(C3-500)*8.4)
```

கடைசியில் உள்ளது 600 யூனிட் வரைதான் சரியாக வரும். அதற்கு மேல் 9.45, 10.50, 11.55 என்று படி ஏறுகிறது. அந்த வீட்டில் சூத்திரம் போட ஆளுக்கா பஞ்சம்? விகிதம் மாறும்போது எண்களை மாற்ற மறக்கக் கூடாது. F-இல் வரும் தொகையும் பில்லும் சில்லறை வித்தியாசத்தோடு ஒத்துப்போனால் ரீடிங்கும் கணக்கும் சரி. ஒத்துப்போகவில்லை என்றால் பில்லில் வேறேதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது: போன பாக்கி, தாமதக் கட்டணம், அல்லது கூடுதல் வைப்புத்தொகை. வைப்புத்தொகையைக் கரண்டுச் செலவில் எழுதக் கூடாது, அது வாரியத்திடம் கிடக்கும் உங்கள் பணம். அதற்கு வட்டி வரவு வைக்கும் தடவை பில் குறைந்து வரும். அந்தக் குறைவுக்கு நான்தான் காரணம் என்று யாராவது வீட்டில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ரீடிங்கையே சந்தேகப்படுபவர்கள் மீட்டர் முன்னால் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும். எலக்ட்ரானிக் மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டாது. தேதி, நேரம், வோல்டேஜ், உச்சத் தேவை என்று ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டும். பக்கத்தில் kWh என்று வரும்போது உள்ளதுதான் ரீடிங், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்கள் 238 என்று வோல்டேஜைக் குறித்து வந்து, பதினாலாயிரம் யூனிட் மிச்சம் என்று கணக்குக் காட்டுவார்கள்.

திரைக்குப் பக்கத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கு இன்னும் உபயோகமானது. மீட்டரில் 3200 imp/kWh என்று எழுதியிருந்தால், 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டியை மட்டும் சூடேறவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 தடவை மினுக்க வேண்டும். எண்பது, தொண்ணூறு என்று ஓடினால் மீட்டரைச் சோதிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். மெயினுக்கு அப்புறம் உள்ள எல்லாம் அணைந்திருந்தும் விளக்கு விடாமல் மினுக்கினால் குற்றவாளி வீட்டுக்குள் இல்லை. ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் இணைப்பிலிருந்து யாரோ இழுத்திருக்கலாம். எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குள் இருப்பவர்களையும் இப்படியே விசாரிக்கலாம். மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தினாலும் நாளைக்குப் பத்து நிமிடம்தான் ஓடுகிறது, அறுபது நாளைக்கு ஏழரை யூனிட்டுக்கு மேல் இல்லை. மருமகள் விடுதலை. அப்பத்தாவின் டி.வி. நூறு வாட், ஆறு மணி நேரம், அறுபது நாளில் 36 யூனிட். எச்சரிக்கையோடு விடுதலை. ஏ.சி. ஓடும்போதும் நிற்கும்போதும் விளக்கை எண்ணிப் பார்த்தால் மகன் சிக்கிக்கொள்வான். ஆனால் அந்த ஏ.சி.யை வாங்கியவர் யார் என்ற கேள்வி வரும், அதனால் இந்தச் சோதனையைக் குடும்பத் தலைவர் தனியாகச் செய்வது நல்லது.

வீடு பூட்டியிருந்து, மீட்டரும் உள்ளே இருந்தால் நிலைமை வேறு. ரீடிங் எடுப்பவர் டோர் லாக் என்று போட்டுவிட்டுப் போவார், பழைய கணக்கை வைத்து ஒரு தொகை வரும். நோட்டில் அந்த வரியில் ரீடிங் எழுதக் கூடாது, தொகையை மட்டும் எழுதி ஒரு கோடு போடவும். 2020 ஊரடங்கில் மாநிலம் முழுக்க இதுதான் நடந்தது. முந்தைய தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கட்டணம் போட்டு, கட்டிய பணத்தைக் கழித்தார்கள். கழிக்க வேண்டியது பணமா, யூனிட்டா என்று வழக்கே நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை அந்த ஆண்டு ஜூலையில் தள்ளுபடி செய்தது.

இத்தனையும் படித்தவர்கள் அடுத்த தடவை 57-ஆவது நாளே மீட்டரைப் போய்ப் பார்ப்பார்கள். 484 இருந்தால், நாளைக்கு 8 என்ற கணக்கில் இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. குடும்பத்தோடு உசிலம்பட்டிச் சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். போக வர பஸ் செலவும், சித்தி பிள்ளைகளுக்கு வாங்கும் மிட்டாயும் 243 ரூபாய்க்குள் அடங்குகிறதா என்று முதலில் பார்க்கவும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் டோர் லாக் ஆகிவிடும், ஆகவே சாவியோடு அப்பத்தாவை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஏ.சி. ரிமோட் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.