பட்டி காயும் நேரத்தில் ஒரு விளம்பரம்

வீடு புதுப்பிக்கும் ரியாலிட்டி ஷோக்களில் ஒருவரும் காத்திருப்பதில்லை. பூசிய சுவர் அடுத்த ஷாட்டில் காய்ந்துவிடுகிறது. கொத்தனார் சொன்ன நாளில் வருகிறார். அதைவிட அதிசயம், சொன்ன நாளில் வேலையை முடித்துவிட்டுப் போயும்விடுகிறார். டைல்ஸ் கடையில் "அந்த டிசைன் போன வாரத்தோடு நின்றுபோச்சு சார்" என்று யாரும் கையை விரிப்பதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 43 நிமிடம். அதில் குடும்பத்தின் கதைக்கும் கண்ணீருக்கும் ஒரு பங்கு. சம்மட்டியால் சுவரை உடைக்கும் குதூகலத்துக்கு ஒரு பங்கு. விளம்பர இடைவேளை நெருங்கும்போது மட்டும் சுவருக்குள் அகப்படும் பழைய ஒயருக்கோ பூஞ்சைக்கோ ஒரு பங்கு. கடைசியில் கதவு திறந்ததும் வாயைப் பொத்திக்கொள்வதற்குச் சிங்கப் பங்கு. மிச்சமிருக்கும் சில நிமிடங்களில் வீடு கட்டப்படுகிறது. மாதக்கணக்கான வேலையை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்குகிறார்கள் என்பதுதான் இவற்றின் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை. அது அவ்வளவு சரியில்லை. சுருக்கினால் எல்லாமே ஒரே அளவில் சிறுத்திருக்க வேண்டும். இங்கே உடைப்பதும் அழுவதும் சிறுக்கவில்லை. காத்திருப்பை மட்டும் தேடிப்பிடித்து வெட்டியிருக்கிறார்கள். வீட்டு வேலையில் பாதி, ஆட்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, தன்பாட்டில் காய்ந்தும் இறுகியும் நடப்பது என்பதால், வெட்டப்பட்டது வேலையின் பாதி.

இந்தக் கலையின் உச்சம், ஏபிசி தொலைக்காட்சியில் 2003 முதல் 2012 வரை ஓடிய 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்'. கஷ்டப்படும் ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் தொகுப்பாளர் டை பென்னிங்டன் ஒலிபெருக்கியோடு வந்து நின்று, ஊரே எழுந்துகொள்ளும்படி 'குட் மார்னிங்' சொல்வார். குடும்பம் ஒரு வாரம் சுற்றுலா அனுப்பப்படும். பல முறை டிஸ்னி பூங்காவுக்கு. ஏபிசியின் முதலாளியும் டிஸ்னிதான் என்பதால் டிக்கெட் எடுப்பதில் பெரிய சிரமம் இருந்திருக்காது. பழைய வீட்டை இடித்துத் தள்ளிவிட்டு, ஏழே நாளில் அதே மனையில் புது வீடு எழும். குடும்பம் திரும்பி வரும்போது வீட்டை மறைத்து ஒரு பெரிய பஸ் நிற்கும். பஸ்ஸை நகர்த்தச் சொல்லி ஊரே கூவும். பஸ் நகரும். அமெரிக்காவில் ஒரு தனி வீடு கட்ட சராசரியாக ஏழெட்டு மாதம் ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், இதைவிடப் பெரிய மாயாஜாலம் தொலைக்காட்சியில் வந்ததில்லை என்றே தோன்றும்.

அந்த ஏழெட்டு மாதத்தில் ஆட்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கலாம். பல நாட்கள் எதுவும் செய்வதில்லை என்பதே நேர்மையான பதில். அஸ்திவாரக் கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடுவது 28 நாளில். சீக்கிரம் இறுகும் கலவையைப் போட்டால் மறுநாளே மேலே மரச்சட்டம் நிறுத்தலாம், அதில் தப்பில்லை. பிரச்சினை சுவரில் தொடங்குகிறது. அங்கே வீடு என்பது மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகை. பலகைகளின் இணைப்பில் நாடா ஒட்டி, அதன் மேல் மூன்று கோட் பட்டி போடுவார்கள். சாதாரணப் பட்டியானால் ஒவ்வொரு கோட்டும் காய ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அவசரக்காரர்களுக்கென்று 20 நிமிடம், 45 நிமிடம், 90 நிமிடத்தில் இறுகும் பட்டிகள் மூட்டையில் கிடைக்கின்றன. ஆனால் இறுகுவது வேறு, காய்வது வேறு. கல்லாகிவிட்ட பட்டிக்குள்ளும் தண்ணீர் இருக்கும். அது வெளியேறுவதற்குள் பெயின்ட் அடித்தால், பிறகு அந்தத் தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில் வெளியே வரும்.

மரத்தின் கதை இன்னும் மெதுவானது. 'காய்ந்த மரம்' என்று முத்திரை குத்தி வரும் சட்டங்களில்கூட, காய்ந்த எடையில் 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம் என்பது அங்கே விதி. வீட்டில் குடியேறி, குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் அந்த ஈரம் பாதியாகக் குறையும். மரம் குறுக்கில் சுருங்கும். அதில் அறைந்த ஆணி சுருங்காது. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். யாராவது சுவரில் சாய்ந்தால் பலகை உள்ளே போகும், ஆணித் தலை பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு சின்னக் கொப்புளமாக எட்டிப்பார்க்கும். கதவுச் சட்டத்தின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு கீறலும் ஓடும். எல்லாப் புது வீட்டிலும் இது கொஞ்சம் நடப்பதுதான். கூரை போட்ட பிறகு சட்டத்தைச் சில வாரம் காற்றாட விட்டு, அதற்கப்புறம் பலகை அறைவது இதைக் குறைக்கத்தான். சில வாரத்தைச் சில மணி நேரமாக்கும்போது அந்தச் சுருக்கம் ரத்தாவதில்லை. கேமரா கிளம்பிப் போன பிறகு நடக்கும்படி தள்ளிப்போகிறது. தொலைக்காட்சிக்கு அதுவே போதும்.

"ஆனாலும் ஏழு நாளில் நிஜமாகவே கட்டினார்களே!" என்று ஒரு ரசிகர் குறுக்கிடலாம். நியாயமான குறுக்கீடு. அது கிராபிக்ஸ் வீடு அல்ல. கட்டினார்கள், பல வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்த ஏழு நாள் என்பது படம் எடுத்த நாட்களின் கணக்கு. உள்ளூர்க் கட்டுமான நிறுவனத்தைப் பிடிப்பது, வரைபடம் போடுவது, அனுமதி வாங்குவது, ஜன்னலிலிருந்து அலமாரி வரை எல்லாவற்றையும் முன்கூட்டியே சேகரிப்பது எல்லாம் ஒலிபெருக்கி ஒலிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு நூற்றுக்கணக்கான தொழிலாளிகளும் தன்னார்வலர்களும் இரவு பகலாக ஷிப்ட் போட்டு வேலை செய்வார்கள். வழக்கமாக, ஒயரும் குழாயும் இழுத்தபின் சுவரை மூடும் முன் நகராட்சி ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். அவர் வரும் நாளுக்காக வீட்டுக்காரர்கள் தவம் கிடப்பார்கள். இங்கே கூப்பிட்ட குரலுக்கு நடுராத்திரியிலும் ஆய்வு நடந்தது. இத்தனை வசதியும் இலவச உழைப்பும் சேர்ந்து வாங்கிய ஏழு நாளைப் பார்த்துவிட்டு, இரண்டு ஆட்களோடு சமையலறையைப் புதுப்பிக்கும் ஒருவர் தன் மேஸ்திரியிடம் "டிவியில ஒரு வாரத்துல முடிக்கிறாங்களே" என்றால், அந்த மேஸ்திரிக்குக் கோபம் வருவதில் ஒரு தர்மம் இருக்கிறது.

ஆள்பலம் இல்லாமல் அவசரம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை பிபிசி ஏற்கெனவே செய்து காட்டியிருந்தது. 1996-இல் தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில் இரண்டு அண்டை வீட்டார் சாவியை மாற்றிக்கொண்டு, இரண்டு நாளில், 500 பவுண்ட் செலவில், ஒருவர் வீட்டு அறையை மற்றவர் புதுப்பிக்க வேண்டும். ஒரு வீட்டில் பழமையான தேநீர்க் குடுவைகளின் சேகரிப்பு இருந்தது. மதிப்பு சில ஆயிரம் பவுண்ட். அலங்கார வல்லுநர் அவற்றை வைக்க அழகான தொங்கும் அலமாரி ஒன்றை அமைத்தார். குடுவைகளை அடுக்கினார்கள். இரவில் அலமாரி அப்படியே கீழே வந்துவிட்டது. சேகரிப்பு ஓட்டாஞ்சல்லியானது. கவனமான தச்சர் தொங்கும் அலமாரியை மாட்டிய பிறகு கனமான எதையாவது ஏற்றி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார். அந்த ஒரு நாள்தான் அட்டவணையில் இல்லை. சோதனை அப்படியும் நடந்தது, அசலான குடுவைகளை வைத்து.

நடுப்பகுதியை இப்படி வெட்டிவிட்டால், முடிவைத் தனியாக ஒரு காட்சியாகக் கட்டித்தான் ஆக வேண்டும். சொந்தப் பணத்தில் வீட்டைப் புதுப்பிக்கும் யாருக்கும் 'திறப்புக் காட்சி' என்று ஒன்று வாய்ப்பதில்லை. அவர்கள் தினமும் தூசிக்குள் நடந்து, குழாயின் இடத்தைப் பற்றிச் சண்டை போட்டு, வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துச் சலித்திருப்பார்கள். ஆச்சரியம் வேண்டுமென்றால் வீட்டுக்காரரை முதலில் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும். டெக்ஸாஸின் வேகோ நகரில் எடுக்கப்பட்ட 'ஃபிக்ஸர் அப்பர்' நிகழ்ச்சியில் பழைய வீட்டின் ராட்சதப் புகைப்படத்தைச் சக்கரம் வைத்த சட்டத்தில் நிறுத்தி, நடுவே பிளந்து இழுப்பார்கள். பின்னால் புது வீடு தெரியும். உள்ளே போனால் சோபா, விளக்கு, மேசையில் பூ, கிண்ணத்தில் எலுமிச்சை. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை காட்சிக்காக வந்தவை, வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பப் போய்விடும் என்பதைப் பங்கேற்றவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். வீடு திறந்த மறுநாள் காலியாகும் வீட்டில் எலுமிச்சை மட்டும் தங்கியிருக்கலாம். அரங்கேற்றத்தைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. தம்பதி முதல்முறையாகக் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைக்கும்போது அவர்கள் முகத்தை எதிரிலிருந்து பார்க்கிறோம். அப்படியானால் கேமராக்காரர் அவர்களுக்கு முன்பே குடிபுகுந்துவிட்டார். 'முன்பு' காட்சி விளக்கை அணைத்து, மேகமூட்டமான நாளில், துவைக்காத துணியோடு எடுக்கப்பட்டிருக்கும். 'பின்பு' காட்சியில் ஜன்னலெல்லாம் வெயில்.

திறப்போடு படம் முடிகிறது. வீட்டின் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்' வீடுகள் பழையதைவிடப் பல மடங்கு பெரியவை. மதிப்பு உயர்ந்தால் சொத்து வரி உயரும், அறைகள் கூடினால் மின்கட்டணம் கூடும், வருமானம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சில குடும்பங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வீட்டை விற்றன. சில வீடுகள் கடனுக்கு ஏலத்துக்கும் போயின. பிற்காலத்தில் நிகழ்ச்சியே அளவான வீடுகள் கட்டத் தொடங்கியது. இலவசமாக வந்த வீட்டுக்கு வருமான வரி வராதா என்ற கேள்விக்கு வைத்திருந்த பதில்தான் அபாரம். அமெரிக்கச் சட்டப்படி ஆண்டில் 15 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வாடகைக்கு வரி கிடையாது. எனவே நிகழ்ச்சி அந்த வீட்டைச் சில நாள் வாடகைக்கு எடுத்ததாகவும், வீட்டில் செய்த மாற்றங்களே வாடகை என்றும் வாதம். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு அதை வாடகை என்று சொல்லும் குடித்தனக்காரர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். வரி வல்லுநர்கள் பலர் இதை நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

"எல்லாம் பொழுதுபோக்கு, இதை யார் நம்பப் போகிறார்கள்? பட்டி காய்வதைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?" என்பது கடைசி ஆட்சேபம். இதில் பாதி உண்மை: பட்டி காய்வதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மற்றப் பாதிக்கு எதிரான சாட்சி, பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1979-இல் தொடங்கிய 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'. ஒரே வீட்டைப் பல வாரங்கள் தொடர்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தொழிலாளியே விளக்குவார். தச்சர் நார்ம் ஏப்ரம் அதில் நட்சத்திரமானது மரவேலை செய்துதான். யாரையும் அழவைத்து அல்ல. நாற்பது ஆண்டு தாண்டியும் அது ஓடுகிறது. நடுப்பகுதியைப் பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மேலும், சினிமாவில் நாயகன் ஒரே பாட்டில் பணக்காரனாவதைப் பார்த்து யாரும் வங்கியில் போய்ச் சண்டை போடுவதில்லை. இந்த நிகழ்ச்சிகளோ தேதியும் செலவும் சொல்லி, நிஜ மனிதர்களை நிறுத்தி, நிஜக் கடைச் சாமான்களை விற்கின்றன. அந்தத் தேதியையும் செலவையும் மனதில் வைத்துத்தான் மக்கள் சம்மட்டி வாங்கப் போகிறார்கள்.

ஆகவே நிகழ்ச்சிகளை நிறுத்தச் சொல்லவில்லை. அழுகையையும் குறைக்க வேண்டாம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது நாலு வரி சேர்த்தால் போதும். திட்டம் தொடங்கியதிலிருந்து ஆன மொத்த நாட்கள், கூலி வாங்காமல் உழைத்தவர்கள் எத்தனை பேர், திரும்பிப் போன சாமான்கள் எவை, முதல் குளிர்காலம் கழிந்தபின் எட்டிப்பார்த்த ஆணிகள் எத்தனை. இந்த நாலும் திரையில் ஓட 10 விநாடி பிடிக்கும். சுவருக்குள் பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் பின்னணி இசையில் 10 விநாடியைக் குறைத்தால் கணக்கு நேராகிவிடும்.