யானைமலையை எதிர்பார்க்கவில்லை

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கட்டடம். பைல் போட வந்த சப்-காண்ட்ராக்டர், 6 மீட்டரில் பாறை தட்டியதும் ‘எதிர்பாராத நிலத்தடி நிலை’ என்று கூடுதல் பணம் கேட்டார். மெயின் காண்ட்ராக்டரின் பதில் ஒன்றரைப் பக்கம்: விலை கொடுக்கும் முன்பே சாயில் ரிப்போர்ட் உங்கள் கையில் இருந்தது. மூன்றாம் போர்ஹோலில் 5.5 மீட்டரில், சுத்தியலால் 50 முறை அடித்தும் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்கவில்லை என்று அதிலேயே இருக்கிறது. அனுபவசாலி ஊகித்திருக்கக்கூடியது எதிர்பாராதது ஆகாது. கோரிக்கை தள்ளுபடி.

நியாயம்தான். ஒத்தக்கடைப் பக்கம் திரும்பினால் யானைமலையே படுத்துக் கிடக்கிறது.

சப் விடவில்லை. “சார், அந்த போர்ஹோல் என் பைலுக்கு நாப்பது மீட்டர் தள்ளி. பக்கத்துல இருக்கிற நாலாவதுல பத்து மீட்டர் வரைக்கும் களிமண்ணுன்னுதானே போட்டிருக்கு?”

உருப்படியான கேள்வி அதுதான். இரண்டு துளைகளுக்கு நடுவே பாறை எப்படி ஏறி இறங்குகிறது என்று ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. படத்தில் இழுத்திருக்கும் கோடு ஊகம். இதற்குப் பதில் வரவில்லை.

வராததற்குக் காரணம், மெயின் காண்ட்ராக்டரின் மேசையில் உரிமையாளருக்குப் போகக் காத்திருந்த இன்னொரு கடிதம். அதே பைல், அதே 6 மீட்டர், அதே பாறை. பொருள்: எதிர்பாராத நிலத்தடி நிலை.