ஐந்து பெரிதா, ஒன்று பெரிதா?

கேள்வி: 'அதிகம் பேருக்கு அதிக நன்மை' என்கிற பயன்வாதத்தில் என்ன தப்பு?
– ஒரு வாசகர், தண்டலம்

பதில்: உங்கள் ஊர் நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒருவர் ஐ.சி.யு.வில் கிடக்கிறார். பிழைக்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆனால் அவருடைய உறுப்புகள் ஐந்து பேரைக் காப்பாற்றும். பயன்வாதத் தத்துவவாதி பெந்தாமின் கணக்குப்படி ஐந்துதான் பெரிது, அவரைச் சாகவிடலாம். ஆட்சேபமே இதுதான்: அவர் ஒரகடத்து உதிரிபாகக் கிடங்கா? 'அப்படிச் செய்தால் பயந்துபோய் யாரும் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டார்கள், மொத்தத்தில் நஷ்டம்' என்பார் பயன்வாதி. சரி, ரகசியமாகச் செய்தால் நியாயமாகிவிடுமா?

நம் 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் அந்தக் கணக்குக்கு வேலி போட்டிருக்கிறது. மூளைச்சாவை மருத்துவர் குழு 6 மணி நேர இடைவெளியில் இருமுறை உறுதிசெய்ய வேண்டும். உறுப்பை எடுக்கும் மருத்துவர் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. 2008இல் திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகள் பலரை வாழவைத்தன. மூளைச்சாவுக்குப் பிறகு, பெற்றோர் மனமுவந்து கொடுத்தவை அவை.