விரிப்பு தொலைக்கச் சுலபமான ஐந்து வழிகள்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் முப்பது படுக்கை வார்டு ஒன்றுக்குப் பொறுப்பேற்றிருக்கும் புது இன்சார்ஜ் சிஸ்டருக்கு வணக்கம். படுக்கைக்கு ஐந்து செட் கணக்கில் 150 பெட்ஷீட் உங்கள் பெயரில் இருக்கிறது. ஒன்று படுக்கையில், ஒன்று சலவையில், மிச்சம் மூன்று அலமாரியிலோ வழியிலோ. இவற்றை யாருக்கும் சந்தேகம் வராமல் தொலைக்க, என் அனுபவத்தில் கண்ட வழிகளைச் சொல்கிறேன்.

1. மொத்தமாக எண்ணுங்கள். காலையில் சலவைக்காரரின் குட்டி யானை வந்து நிற்கும். 30 பெட்ஷீட், 30 தலையணை உறை, 12 டிரா ஷீட் என்று பிரித்து எழுதாதீர்கள். "72 உருப்படி" என்று ஒரே வரியில் முடியுங்கள். மறுநாள் 27 பெட்ஷீட், 33 உறை, 12 டிரா ஷீட் வரும். கூட்டினால் அதே 72. தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். மூன்று பெட்ஷீட் போனதும் தெரியாது, பக்கத்து வார்டு சிஸ்டர் மூன்று உறையைத் தேடி அலைவதும் தெரியாது. வகைவாரியாக எழுதி, இரண்டு வார்டுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறை அன்றைக்கே வீடு திரும்பிவிடும். அந்த வம்பு நமக்கெதற்கு?

2. எடை போட்டு அனுப்புங்கள். கிலோ கணக்கில்தானே பில் வருகிறது, எண்ணுவானேன்? அழுக்கும் ஈரமுமாகப் போன துணி, காய்ந்து வரும்போது எடை குறையத்தான் செய்யும். அந்தக் குறைவுக்குள் இரண்டு விரிப்பு சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் வசதி. அரைகுறையாகக் காய்ந்து வரும் துணியின் ஈரமே, வராத துணியின் எடையையும் ஈடுகட்டிவிடும்.

3. அழுக்குத் துணியைத் தரையில் கொட்டி, உதறி எண்ணுங்கள். கணக்கு வருகிறதோ இல்லையோ, கிருமி வார்டு முழுக்கப் பரவும். விவரம் தெரிந்த ஆயாம்மா இதைச் செய்யமாட்டார். கையுறையோடு விரிப்பை உருவும்போதே, உதறாமல் சுருட்டிப் பையில் போட்டு, சீட்டில் ஒரு கோடு இழுப்பார். ரத்தம் பட்டதென்றால் தனிப்பையில் கட்டி, எண்ணிக்கையை வெளியே சீட்டில் எழுதி ஒட்டுவார். அப்புறம் எண்ணுவதற்கென்று யாரும் அந்தப் பையைப் பிரிக்க வேண்டியதில்லை.

4. பாக்கியை நாளைக்குத் தள்ளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் நடந்த உரையாடல் இது:

"அண்ணே, நேத்து மூணு குறையுதே?"

"நாளைக்கு வந்துடும் சிஸ்டர்."

நாளைக்கு வரவும் செய்யும். ஆனால் அது திங்கட்கிழமைப் பாக்கியா, செவ்வாய்க்கிழமைத் துணியா? தேதி போடாத பாக்கிக்கு வயதே தெரியாது. ஒவ்வொரு நாள் சீட்டையும் தனித்தனியாக முடித்து, மூன்றாவது வண்டியிலும் வராததை பில்லில் கழித்தால் பாக்கி வளராது. நீங்கள் அப்படியெல்லாம் கறாராக இருக்கலாமா?

5. துணியில் குறி போடாதீர்கள். அந்தக் காலச் சலவைக்காரர்கள் சேங்கொட்டைச் சாற்றால் குறியிட்டார்கள், எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. இன்றைக்கு மார்க்கிங் இங்க் இருக்கிறது. ஆஸ்பத்திரி பெயர், வார்டு, வாங்கிய மாதம் மூன்றும் எழுதினால் வேற்று வார்டுத் துணி உடனே காட்டிக்கொடுக்கும். அதனால் வெறுமனே விடுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு, எது குறைந்தாலும் பழியைச் சலவைக்காரர் தலையில் போடுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம், ஒரு மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ணும்வரை. படுக்கையில் 30, அலமாரியில் 62, அன்று சலவைக்குப் போனது 28, அழுக்குப் பையில் 4, கிழிந்து கழித்ததாக எழுதியது 6. ஆக 130. இருபதைக் காணோம். பழைய சீட்டுகளைத் தேதிவாரியாகப் புரட்டினால் சலவைக்காரர் தர வேண்டியது ஐந்துதான்.

மீதிப் பதினைந்து சலவை வண்டியில் ஏறவே இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய நோயாளியோடு ஆம்புலன்ஸில் போயிருக்கிறது, ஸ்கேனுக்குப் போன ஸ்ட்ரெச்சரில் தங்கியிருக்கிறது, இறந்தவர் மேல் போர்த்தி அனுப்பப்பட்டிருக்கிறது, பதிவேட்டில் ஏறாமலே கிழிபட்டுத் தரை துடைத்திருக்கிறது. எதையும் யாரும் திருடவில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான்.

சலவைச் சீட்டு ஒரு வாசலை மட்டுமே காக்கும். வார்டுக்கு இன்னும் நாலு வாசல் இருக்கிறது சிஸ்டர். நோயாளியோடு வெளியே போகும் விரிப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்.