மூடியைக் கழத்தாதே மாப்ளே!

பேனாவைக் கீழ வை மாப்ளே. மூடியைக் கழத்தாதே. ஃபாரத்தைக் கவுண்டர்ல வாங்கிட்டு இன்னும் முழுசா உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள பேரெழுத ஆரம்பிச்சுட்டியே. பந்தியில இலை விழுமுன்ன சாம்பாரு கேக்குற ஆளு நீ. நான் எட்டாங்கிளாஸோட ஏரு புடிக்கப் போனவன். அப்புறம் கூட்டுறவுச் சங்கத்துல கணக்கெழுதி, ஊரு சனத்துக்கெல்லாம் ஃபாரம் ரொப்பிக் குடுத்து, இந்தக் காகிதச் சாதியோட குணம் கொஞ்சம் பழகிப் போச்சு. நீ காலேஜு முடிச்சவன். உனக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லுறேன்.

உன் விஷயம் என்ன? கோவில்பட்டிப் பக்கம் இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு திருப்பூர்ல குடும்பத்தோட இருக்கே. கேஒய்சி புதுப்பிக்கணும்னு பேங்குல இருந்து மெசேஜு வந்திருக்கு. மாறினது விலாசம் ஒண்ணுதான். பேரு மாறல, அப்பன் மாறல, பொறந்த தேதி மாறல. அப்படியிருக்க, ஏன் முதல் பக்கத்துல இருந்து கல்யாணப் பத்திரிகை எழுதுற மாதிரி அம்புட்டையும் எழுதிக்கிட்டிருக்கே?

அந்த ஃபாரத்தோட தலையில பொடி எழுத்துல நாலஞ்சு வரி இருக்கு பாரு. கண்ணாடி வேணும்னா என்னோடதைத் தாரேன். ஏதாவது ஒரு பகுதியை மட்டும் மாத்தணும்னா, அந்தப் பகுதி நம்பருக்கு முன்னால இருக்குற கட்டத்துல டிக் போடு, மாத்த வேண்டாத பகுதிகளைக் கோடு போட்டு அடிச்சுடுன்னு போட்டிருக்கான். இதை வாசிச்சிருந்தா உனக்கு விலாசப் பகுதியும், கடைசியில கையெழுத்தும்தான் வேலை. பகுதி பகுதியா ரொப்பி, ஒவ்வொண்ணுலயும் ஒரு தப்புப் பண்ண இடம் தேடிக்கிட்டிருக்கே.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. எதுவுமே மாறாத ஆளுக்கு இம்புட்டு ஃபாரமே வேண்டாம். 'என் விவரத்துல மாற்றம் இல்லை'ன்னு ஒரு சுய உறுதிமொழி போதும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. விலாசம் மட்டும் மாறினாலும் புது விலாசத்தை உறுதிமொழியாக் குடுக்கலாம். பேங்குதான் அதை ரெண்டு மாசத்துக்குள்ள சரிபாத்துக்கணும். உன்னை மாதிரி சம்பளக்காரனைப் பேங்குல சாதாரணமா 'குறைந்த அபாயம்'ங்குற வகையில வைப்பாங்க, பத்து வருஷத்துக்கு ஒருக்கத்தான் புதுப்பிக்கச் சொல்லுவாங்க. உன் பொண்டாட்டி கிட்டக் கேட்டா அபாயக் கணக்கை வேற மாதிரிச் சொல்லுவா, அது நமக்கு வேண்டாம். கவுண்டர்ல முதல்ல, 'விலாசம் மட்டும்தான் மாறுது, எந்தத் தாளு வேணும்?'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கு அரை நாளு மிச்சம். இல்ல, இந்த ஃபாரமேதான் வேணும்னா, சரி, ரொப்புவோம்.

நட்சத்திரம் போட்ட இடத்தைக் கட்டாயம் ரொப்பணும்னு போட்டிருக்கான். ஒங்க பெரியப்பன் போன வருஷம் அதைப் பாத்துட்டு 'மகம், ரெண்டாம் பாதம்'னு சொன்ன ஆளு, உனக்கும் அந்த ரத்தம்தானே. நீ அடிச்சுவிட்ட பகுதியில அந்தக் குறி இருந்தா அதைப் பத்திக் கவலைப்படாதே. ஆனா ஃபாரத்தைப் புதுசா ரொப்புறவனுக்கு அது முக்கியம். அப்பா பேரோ கணவன்/மனைவி பேரோ ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும். பான் கார்டு இல்லாதவனுக்கு அப்பா பேரு கட்டாயம். பின்னால ஒரு பக்கம் முழுக்க விளக்கம் அடிச்சிருக்கானே, மாநிலக் குறியீடு, நாட்டுக் குறியீடுன்னு, அதை முறுக்கு மடிக்கிறதுக்குன்னு நினைச்சுக் கிழிச்சுடாதே.

பேரு வெவகாரம் நம்ம பக்கத்து ஆளுகளுக்குத்தான் பெரிய தலைவலி. வடக்கத்தி ஆளுக்கு முதல் பேரு, நடுப்பேரு, கடைசிப் பேருன்னு மூணு கட்டத்துக்கும் ஆளு இருக்கு. நமக்கு ஒத்தைப் பேரும் ஒரு இனிஷியலும். அந்த இனிஷியலை ஒருநாள் முன்னால போடுறோம், ஒருநாள் பின்னால போடுறோம், கோவம் வந்தா விட்டுடுறோம். ஃபாரத்துல இருக்குற பேரு, கூட வைக்குற அடையாளச் சான்றுல இருக்குற பேரோட ஒத்துப் போகணும், இல்லைன்னா விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்னு அந்த விளக்கத்துலயே எழுதி வச்சிருக்கான். அதனால உன் பேரு என்னன்னு உன்னைக் கேக்காதே, அத்தையையும் கேக்காதே. ஆதார் ஜெராக்ஸை முன்னால விரிச்சு வச்சு, அதுல என்ன இருக்கோ அதை எழுத்துக்கு எழுத்து பாத்து எழுது.

இப்போ எழுத்துக்கு வருவோம். இங்கிலீஷ்ல, பெரிய எழுத்துல எழுதுன்னு போட்டிருக்கான். நீ எழுதினதும் பெரிய எழுத்துதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒண்ணு கையைப் புடிச்சு ஒண்ணு போகுது, வாலு வேற வளருது. பெரிய எழுத்துன்னா அச்சுல அடிச்ச மாதிரி தனித்தனியா நிக்கணும். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, கட்டத்துச் சுவத்தைத் தொடக்கூடாது, ஒரு சொல்லு முடிஞ்சா ஒரு கட்டத்தைச் சும்மா விடணும். நீ கட்டம் பத்தாதேன்னு 'தெற்குத் தெரு'வையும் கதவு நம்பரையும் சேத்து ஒட்டிட்டே. நாளைக்கு வர்ற தபால்காரன் எங்க ரோட்டைத் தேடுவான், எங்க வீட்டைத் தேடுவான்?

இது எதுக்குன்னு தெரிஞ்சுக்கோ. இந்தத் தாளு இந்தக் கிளையோட நிக்காது. பேங்குல இதை ஸ்கேன் பண்ணி, விவரத்தை ஒருத்தர் தட்டச்சு பண்ணி, மத்திய கேஒய்சி பதிவகத்துக்கு ஏத்துவாங்க. அங்கதான் உனக்கு 14 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். திருத்தக் குடுக்குறப்ப அந்த நம்பரையும் எழுதச் சொல்லுவான், இல்லைன்னா பேங்குல கேட்டா எடுத்துத் தருவாங்க. தட்டச்சு பண்ணுற புள்ளைக்கு உன்னைத் தெரியாது, உன் தெருவும் தெரியாது. நீ போடுற யு கீழ கூம்பிப் போச்சுன்னா அவ அதை வின்னு வாசிப்பா. ஒண்ணுக்குத் தொப்பி வச்சா ஏழு, அஞ்சுக்கு முதுகு வளைஞ்சா எஸ்ஸு, பூஜ்யமும் ஓவும் எப்பவும் ரெட்டைப் புள்ளைக. கருப்பு பால்பாயிண்ட் பேனா நல்லது, ஸ்கேன்ல தெளிவா விழும். உன் சட்டைப் பையில இருக்குற ஜெல் பேனா உள்ளங்கை பட்டா கோலம் போட்டுடும், அதை உள்ளயே வை. பெட்டியில டிக் போடச் சொன்னா டிக்தான். பெருக்கல் குறி போட்டா 'இது வேண்டாம்'னு இவன் அடிச்சிருக்கான்னும் நினைக்கலாம்.

சரி, இந்தப் பின்கோடுல என்ன பண்ணி வச்சிருக்கே? காட்டு, காட்டு, மறைக்காதே. பழைய பழக்கத்துல 628ன்னு ஊரு நம்பரை ஆரம்பிச்சுட்டே. அப்புறம் ஞாபகம் வந்து திருப்பூரு 641ஐக் கொண்டாந்து, ரெண்டு மேல நாலையும் எட்டு மேல ஒண்ணையும் ஏத்திட்டே. ஒண்ணு போயி எட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. இதை ஸ்கேன்ல பாத்தா கருப்பா ஒரு புள்ளி, அம்புட்டுதான். அது போதாதுன்னு கடைக்குப் போயி ஒயிட்னர் வாங்கிட்டு வாரேன்னு எந்திரிக்கிறே, உக்காரு.

ஒயிட்னர் பூசின தாளுல முன்ன என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அதை நீ பூசினியா, நீ குடுத்த பிறகு வேற எவனும் பூசினானான்னும் தெரியாது. பேங்குக்காரனுக்கு அந்தப் பயம்தான். மேலெழுத்துக்கும் அதே கதை. முன்னால என்ன இருந்துச்சுங்குறது கண்ணுக்குத் தெரியணும், மாத்தினது நீதான்னும் தெரியணும். இந்த ரெண்டும் இருந்தா திருத்தம். இல்லைன்னா அதுக்குப் பேரு தில்லுமுல்லு.

நீ மேலெழுதாம இருந்திருந்தா இப்படிப் பண்ணியிருக்கலாம். தப்பான நம்பர் முழுசுக்கும் குறுக்கால ஒத்தைக் கோடு, அடியில இருக்குறது வாசிக்க வரணும். ஒரு கட்டத்து எழுத்தை மட்டும் அடிச்சுத் திருத்தப் பாத்தா இடம் இருக்காது, அதனால வரி முழுசையும் அடி. கட்டத்துக்கு மேலயோ பக்கத்துலயோ சரியான 6 இலக்கத்தையும் திரும்பத் தெளிவா எழுது. பக்கத்துலயே முழுக் கையெழுத்து, பேங்குல பதிஞ்சு வச்சிருக்கியே அதே கையெழுத்து. ரெண்டு எழுத்துல கிறுக்குறதெல்லாம் வேண்டாம். கூடத் தேதியும் போட்டா நல்லது. பெரும்பாலும் கவுண்டர்ல இதை ஏத்துக்குவாங்க, இருந்தாலும் குடுக்கும்போதே விரலை வச்சு, 'இங்க திருத்தியிருக்கேன், பாத்துக்கோங்க'ன்னு காட்டிடு.

ஆனா எல்லா இடத்துலயும் இந்த வைத்தியம் பலிக்காது. பேருல தப்பு, கணக்கு நம்பர்ல தப்பு, கையெழுத்துக் கட்டத்துல தப்புன்னா யோசிக்காதே, புது ஃபாரம் வாங்கு. ஒரு பக்கத்துல ரெண்டு திருத்தத்துக்கு மேல போனாலும் அப்படித்தான். தாளு சும்மா கிடைக்குது, உனக்குத்தான் எழுத வலிக்குது. செக்குன்னா இன்னும் கறார். 2010லயே ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு: ஸ்கேன் வழியா கிளியரிங் போற செக்குல, தேதியைப் புதுப்பிக்கிறதுக்குத் தவிர வேற எந்தத் திருத்தமும் கூடாது; வாங்குறவன் பேரோ தொகையோ மாறினா புது இலைதான். பக்கத்துல எத்தனை கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

அதனால மாப்ளே, ஏறிப்போன அந்த 641 உள்ள ஃபாரத்தைச் சுருட்டி வை, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வா. முதல்ல இந்தப் பழசு மேலயே பென்சிலால ஒத்திகை பாரு, பிறகு புதுசுல பேனா வை. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்'னு ஒரு கட்டம் இருக்கும். உனக்கு அங்க வேலை இல்ல, காலியா இருக்கேன்னு மனசு வருத்தப்படாதே. ஃபோட்டோ கேட்டா பசையில ஒட்டு, ஸ்டேப்ளர் பின்னை உன் நெத்தியில குத்தாதே. அதுக்கு மேல கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தா, பாதி ஃபோட்டோவுலயும் பாதி தாளுலயும் விழுற மாதிரி போடு. நாளைக்கு உன் ஃபோட்டோவைப் பிச்சுட்டு எவனும் தன் மூஞ்சியை ஒட்டாம இருக்கத்தான் அது.

குடுத்துட்டு வீராதி வீரனா வெறுங்கையை வீசிட்டு வந்துடாதே. தாளை வாங்கிக்கிட்டதுக்குத் தேதி போட்ட ஒப்புகை குடுக்கணும்னு விதி இருக்கு. அதைக் கேட்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் நீ படியிறங்கணும்.