முதலில் கெட்ட செய்தி

எங்கள் பக்கத்தில் யாரும் செத்துப்போவதில்லை. போன் வந்தால் "தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றுதான் வரும். பஸ்ஸைப் பிடித்து தெருமுனையில் இறங்கினால் வாசலில் பந்தல் போட்டிருக்கும், மேளக்காரர்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். "நேத்து ராத்திரியே ஆயிடுச்சு, நீ பதறுவியேன்னு சொல்லல" என்பார் சித்தப்பா. பதறுவானே என்று சொல்லாமல் விடுவது எங்கள் ஊரில் ஒரு மரியாதை.

இந்த மரியாதையோடுதான் சுமார் அறுபது பேர் தினமும் ஒடுகத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கம்பெனிக்கு வேனில் வந்து இறங்குகிறார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்து ஆம்பூருக்கு அனுப்பும் ஜாப் ஒர்க் கம்பெனி எங்களுடையது. தோல் அங்கிருந்து வரும், அப்பராகத் திரும்பிப் போகும், அங்கே அடிப்பாகம் ஒட்டி ஷூவாகி, கப்பலேறி ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரன் காலில் ஏறும். நான் கணக்கும் டிஸ்பாட்ச்சும் பார்க்கிறவன். கூட்டத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஓரமாக நிற்பவன் என்பதால் எல்லோர் முகமும் எனக்குத் தெரியும்.

வாரக் கூட்டம் முன்பு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும். அன்றைக்கு ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. பாதிப் பேருக்குப் புத்தி சந்தையில், மீதிப் பேருக்கு வேனில். முதலாளி போன வாரச் சாதனையில் ஆரம்பிப்பார். அதிக ஜோடி தைத்த லைனுக்குக் கைதட்டு, பிறந்தநாள்காரர்களுக்குக் கைதட்டு, அப்புறம் தரம் பற்றி ஒரு சொற்பொழிவு. டீக் கேன் உள்ளே வரும் சத்தம் கேட்டதும் கடைசியாக, "வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்பார். டீக்கும் வேனுக்கும் நடுவில் பிரச்சினையைக் கிளப்பி அறுபது பேரின் பகையைச் சம்பாதிக்க யாருக்குத் தைரியம் வரும்? "ஒண்ணுமில்ல சார்" என்று கோரஸாகச் சொல்லிவிட்டு டம்ளரை எடுப்போம்.

இதை மாற்றியது ஃபோர்டு கம்பெனி. நம்மூர் மறைமலைநகரில் கார் செய்துகொண்டிருந்த அதே ஃபோர்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளி அந்தக் கதையை எங்கோ படித்துவிட்டார்.

2006-இல் ஆலன் முலாலி என்பவர் விமானம் செய்யும் போயிங்கிலிருந்து ஃபோர்டுக்குத் தலைவராக வந்தார். வியாழன்தோறும் காலையில் அதிகாரிகள் கூட்டம். அவரவர் வேலை எப்படிப் போகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறம் போட்டுக் காட்டவேண்டும். எல்லோரும் பச்சையாகவே காட்டினார்கள். அந்த ஆண்டு 1,700 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருந்தது. அட்டவணையோ வயல்வெளி மாதிரி பசேலென்று இருந்தது. இவ்வளவு நஷ்டம் போகிறதே, எதுவுமே சரியில்லாமல் இல்லையா என்று முலாலி கேட்டார். பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, புதிதாக வரவிருந்த எட்ஜ் காரின் பின்கதவில் கோளாறு என்று சிவப்பைக் காட்டினார். ஆள் காலி என்று மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். யாரால் உதவ முடியும் என்று கேட்டார். உதவியும் வந்தது. ஓரிரு வாரங்களில் எல்லோருடைய அட்டவணையிலும் மஞ்சளும் சிவப்பும் தலைகாட்டின. தொலைந்திருந்த நஷ்டம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

முதலாளி இதைப் படித்த மறுநாளே எங்கள் கூட்டம் திங்கட்கிழமை காலைக்கு மாறியது. மெஷின் ஓடுவதற்கு முன் கால் மணி நேரம். டீ கிடையாது. முதல் கேள்வியே, "கெட்ட செய்தி சொல்லுங்க."

மின்விசிறி சத்தம் தெளிவாகக் கேட்டது. வெகுநேரம் கழித்து ஹெல்ப்பர் பெண் ஒருத்தி கை தூக்கி, பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்றாள். கதை படித்துவிட்டு வந்தவர் அல்லவா, முதலாளி பலமாகக் கைதட்டினார். அந்தப் பெண் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் மடை திறந்தது. ஆனால் எல்லாம் அடுத்தவர் வீட்டுக் கெட்ட செய்தி. கட்டிங்காரர்கள் கோணலாக வெட்டுகிறார்கள் என்றது தையல். தோலே தடித்தும் மெலிந்தும் வருகிறது என்றது கட்டிங். செக்கிங் டேபிள் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுகிறது என்றது பேக்கிங். கால் மணி நேரம் முக்கால் மணி நேரமாகி, திண்ணைப் பஞ்சாயத்து போல யாரும் யாரோடும் பேசாமல் கலைந்தார்கள். அதற்குப் பிறகுதான் விதி வந்தது: உன் மேஜைக் கெட்ட செய்தியை மட்டும் நீ சொல். என்ன, எத்தனை ஜோடி, இப்போது அது எங்கே இருக்கிறது, இந்த மூன்றையும் சொல். யார் செய்தது என்று இங்கே பேசக்கூடாது.

இந்த விதி சோதனைக்கு வந்தது ஸ்கைவிங் மேஜையில். தோலின் விளிம்பை மடித்துத் தைக்கவேண்டுமானால் முதலில் அந்த விளிம்பைச் சீவி மெலிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு தடித்துப்போய்க் காலைக் கடிக்கும். அந்தச் சீவலுக்குப் பெயர் ஸ்கைவிங். எங்களுக்கு வந்த தோல் 1.2 மில்லிமீட்டர், மடிப்பு விளிம்பு ஏறக்குறைய பாதியாக, 0.6-க்கு வரவேண்டும். மெஷினுக்குள் மணி வடிவத்தில் சுழலும் கத்தி ஒன்று உண்டு. கத்தி மழுங்கினால் தீட்டுவோம். தீட்டியதும், தோலை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தின் உயரத்தை மறுபடி பார்த்து, ஒரு துண்டுத் தோலைச் சீவி, கேஜ் வைத்து அளந்துவிட்டுத்தான் வேலையை ஓட்டவேண்டும்.

அந்த வாரம் தீட்டினார்கள், அளக்கவில்லை. திங்கட்கிழமை ஸ்கைவிங் அக்கா எழுந்தார். இருபது வருஷ அனுபவம், கூட்டத்தில் அதுவரை வாய் திறந்ததில்லை.

"சார், வெள்ளிக்கிழமை மத்தியானத்துலருந்து சீவல் தடிப்பா உழுந்துச்சு. நான் சனிக்கிழமைதான் கேஜு வெச்சுப் பாத்தேன். ஓரம் 0.3-தான் இருக்குது."

விஷயம் தெரிந்தவர்களுக்கு வயிறு கலங்கியது. சீவிக் கழிந்தது தடிப்பாக விழுந்தால், தோலில் மிஞ்சியது மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி மெலிந்த ஓரம் மேஜையில் ரொம்ப அழகாக இருக்கும். கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் மடியும், தையலும் சீராக விழும், செக்கிங்கில் சபாஷ் வாங்கும். ஆம்பூரில் மரக்கால் போன்ற லாஸ்ட்டின் மேல் மாட்டி இறுக்கி இழுக்கும்போதுதான் ஊசித் துளைகளை ஒட்டி வாய் பிளக்கும். துணியாக இருந்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த ஊசித் துளை விழுந்ததுதான், மூடாது.

அறுபது பேரும் அக்காவைப் பார்க்கவில்லை, முதலாளியின் முகத்தைப் பார்த்தோம். அவருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். சிவந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவசியத்துக்கு மேலேயே குடித்தார். பிறகு, "எத்தனை ஜோடிக்கா, எங்க இருக்குது?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு அவர் கொடுத்த விலை என்னவென்று அந்தக் காதுக்குத்தான் தெரியும்.

அறுபது ஜோடிக்குச் சீவியாயிற்று, தைக்கவில்லை. இருபத்திரண்டு ஜோடி தைத்தாயிற்று. பதினெட்டு ஜோடி சனிக்கிழமை வண்டியில் ஆம்பூர் போயிருந்தது. அந்தச் சலானில் என் கையெழுத்து. நான் அங்கேயே போன் போட்டு, லாஸ்ட்டில் ஏற்றாமல் வைக்கச் சொன்னேன். நல்லவேளை, ஏற்றவில்லை. தைக்காத அறுபதையும் கேஜில் அளந்ததில், பாதிக்குமேல் அப்படியே தேறியது. மெலிந்தவற்றில் மடிப்புக்குள் நைலான் டேப் கொடுத்துத் தைத்தோம். தைத்தவை வீண்தான். ஆம்பூரிலிருந்து திரும்பியவற்றிலும் ஏழு ஜோடி வீண். அந்த ஜோடிகளுக்குப் புதிதாகத் தோல் வெட்டினோம். செய்தி இன்னும் ஒரு வாரம் அக்காவின் மனசுக்குள்ளேயே இருந்திருந்தால் வீணாவது அப்பராக இருக்காது, முழு ஷூவாக இருக்கும். பில்லும் எங்கள் தலையில்தான் விழும்.

இதில் ஒரு குறையும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கண்ணில் பட்டது திங்கட்கிழமைவரை காத்திருந்திருக்கிறது. வாரக் கூட்டம் என்று ஒன்று வந்ததும், கெட்ட செய்தியையும் ஜனங்கள் கூட்டத்துக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பூ எடுத்து வைப்பதைப் போல. ஆகவே இன்னொரு விதி: ஓடுகிற வேலையில் தப்பு தெரிந்தால் மெஷினை நிறுத்தி அப்போதே சொல். கூட்டத்துக்கு வரவேண்டியது, நிறுத்திய பிறகும் மிச்சமிருக்கும் கதை.

முன்னேற்றம் சொல்லும் பகுதியும் மாறிப்போனது. இப்போது அதில் பிறந்தநாள் கிடையாது. போன வாரக் கெட்ட செய்தி ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று நான் நோட்டைப் பார்த்துப் படிக்கவேண்டும். கத்தி தீட்டினால் மூன்று இடத்தில் அளந்து மெஷின் மேல் ஒட்டிய தாளில் எழுதுகிறார்கள், இது முன்னேற்றம். பாத்ரூம் குழாய் இன்னும் ஒழுகுகிறது, இதையும் வாராவாரம் படிக்கிறேன். கைதட்டு வாங்கித் தந்த முதல் கெட்ட செய்தி என்பதால் அதைச் சரிசெய்ய யாருக்கும் மனசில்லையோ என்னவோ. ஒரே செய்தி மூன்று வாரம் தொடர்ந்தால் நான்காவது வாரம் சிரிப்புதான் வருகிறது, ஐந்தாவது வாரம் அதைச் சொன்னவர் வேறு எதையும் சொல்வதை நிறுத்திவிடுகிறார். குழாய்க்காரப் பெண் நிறுத்திவிட்டாள்.

கடைசிச் சோதனை முதலாளிக்கே வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் கலங்கிய நேரம். எங்கள் வேன் பேச்சில் அதற்குள்ளேயே கம்பெனியை மூடியாயிற்று, இடத்தைக் கல்யாண மண்டபக்காரருக்கு விற்றும் ஆயிற்று. அடுத்து வந்த திங்கட்கிழமை முதலாளி கேள்வி கேட்கவில்லை, அவரே எழுந்தார். ஓர் ஆர்டரை நிறுத்திவைத்திருக்கிறார்கள், மறு உத்தரவு வரும்வரை ஓவர்டைம் இல்லை, சம்பளம் மூன்று நாள் தள்ளி வரும் என்றார். ஐரோப்பா ஆர்டர் ஓடுகிறது, ஆளைக் குறைக்கும் யோசனை இப்போதைக்கு இல்லை என்பதையும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. ஸ்கைவிங் அக்கா மட்டும் கேட்டார்: "மூணு நாளுன்னா எந்தத் தேதி சார்?" அவர் தேதியைச் சொன்னார். நான் நோட்டில் எழுதினேன்.

அந்தத் தேதியில் சம்பளம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை நான்கு பேர் கை தூக்கினார்கள்.

இதைப் படிக்கும் சின்னக் கம்பெனி முதலாளிகள் யாராவது இந்தக் கூட்டத்தை ஆரம்பிப்பதாக இருந்தால், முதல் வாரக் கெட்ட செய்தியை நீங்களே சொல்லுங்கள், தேதியோடு. அப்படியே எங்கள் பக்கத்தில் நல்ல பிளம்பர் யாராவது தெரிந்தால் அனுப்பிவையுங்கள்.