கம்பெனி நலன் கருதி

கணக்குப் பிரிவிலிருந்து பர்ச்சேஸுக்கு மாற நான் ஆசைப்பட்டதற்கு உண்மையான காரணம் தொலைபேசிதான். கோயம்புத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி. சரக்குப் போட்டவர்கள் காலை ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிடுவார்கள்: "ஏனுங்க சார், நம்ம பில்லு என்னாச்சுங்க?" இத்தனை மரியாதையாகக் கேட்பவரிடம் எரிந்து விழவும் முடியாது. ஆனால் 'போன் தொல்லை தாங்கவில்லை' என்று மனுப் போட்டால், மேலாளர் போனை மாற்றித் தருவாரே தவிர ஆளை மாற்ற மாட்டார்.

ஆகவே அந்தப் போன் ஏன் வருகிறது என்று எழுதினேன். உதாரணத்துக்கு ஒரு பில். நம் ஆர்டரில் போல்ட் 2,000 எண்ணம். சப்ளையர் பில்லில் 80 கிலோ. ஸ்டோர்ஸ் போட்ட வரவுச் சீட்டில் 16 பெட்டி. மூன்றும் ஒரே சரக்குதான். ஆனால் மூன்று தாளும் ஒத்துப்போகாமல் பணம் நகராது. பர்ச்சேஸ் ஸ்டோர்ஸைக் கை காட்டும், ஸ்டோர்ஸ் சப்ளையரைக் காட்டும், சப்ளையர் எனக்குப் போன் போடுவார்.

இதில் கம்பெனிக்கு என்ன போச்சு? அவர் சிறு தொழிலாகப் பதிவு செய்த பட்டறைக்காரர். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் போயாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். கெடு தாண்டியும் மார்ச் 31-இல் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. பணம் கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். ஆர்டர் போடும்போதே 'கிலோவா, எண்ணமா?' என்று கேட்க ஒரு ஆள் பர்ச்சேஸில் இருந்தால் போதும். அந்த ஆள் அடியேன் என்று அடக்கமாக எழுதினேன்.

சிக்கல் இதற்கப்புறம்தான். நான் இல்லாமல் இங்கே வேலை ஓடாது என்றால் மேலாளர் விடமாட்டார். நன்றாகவே ஓடும் என்றால், இத்தனை நாள் எதற்குச் சம்பளம் என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் தேடினேன்: 'எதிர் சீட்டுத் தம்பி இப்போதே பாதி பில்களைப் பார்க்கிறார், மீதியையும் வரி ஆடிட் முடிவதற்குள் கற்றுக்கொடுத்துவிடுவேன்.' ஆடிட் அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. அதனால் மாறும் தேதி அக்டோபர் 1 என்று போட்டேன். தேதி இல்லாத மனு டிராயரில் தூங்கிவிடும்.

பர்ச்சேஸ் மேலாளரிடம் போவதற்கு முன் மனுவை என் மேலாளரிடமே கொடுத்தேன். பக்கத்துப் பிரிவுக்காரர் வாயால் தெரிந்துகொண்டால் எந்த மேலாளருக்கும் ரோஷம் வரும்.

அவர் இரண்டு முறை படித்தார். 45 நாள் பத்தியில் தலையாட்டினார். கடைசி வரியில் நிறுத்தி, சுவர் காலண்டரைப் பார்த்தார்.

"தீபாவளி அக்டோபர்லதான வருது? சப்ளையருங்க ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் பர்ச்சேஸுக்குத்தான போகும்?"

"அப்படிங்களா சார்?"

அக்டோபரை அடித்து நவம்பர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.